விடிகாலை நாலு மணிக்குத் திண்டுக்கல்

திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால்தான் இந்த ஊருக்குத் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வருகிறவனுக்கு இந்தப் பெயர் ஒரு கேலி. வண்டி இங்கே வந்து நிற்பது விடிகாலை நாலு மணியை ஒட்டி. தலைக்கு ஒரு திண்டு கிடைக்காதா என்று உடம்பு ஏங்குகிற நேரம் அது. ஊருக்கு நடுவே இருட்டில் அவ்வளவு பெரிய கல் திண்டு கிடக்கிறது. நமக்கு ஒரு தலையணை கிடைப்பதோ, முந்தின நாள் நாம் போனில் என்ன பேசினோம் என்பதைப் பொறுத்தது.

முதல் தடவை நான் ஒன்றுமே பேசவில்லை. நண்பர் மகள் கல்யாணம். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். வெள்ளி இரவு தாம்பரத்தில் ஏறினோம், நானும் மனைவியும். ஒரு செயலியில் சனிக்கிழமைக்கு அறை போட்டிருந்தேன். ‘சிறப்புக் கோரிக்கை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அதிகாலை நாலரைக்கு வருவோம், அறையை அப்போதே தரவும் என்று எழுதியும் வைத்தேன். எழுதினால் போதும் என்று நினைத்தேன். அந்தக் கட்டத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், ‘அறை இருப்பைப் பொறுத்தது’ என்று போட்டிருந்ததை வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்துதான் படித்தேன்.

விடுதிப் பையன் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் மரியாதையாகவே பேசினான். “சார், உங்க ரூம் இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குத்தான். இப்ப எல்லா ரூம்லயும் ஆள் இருக்காங்க. கல்யாண சீசன் சார்.” அவன் தலைக்குப் பின்னால் சாவிப் பலகை. வரிசையாக ஆணிகள், ஒன்றில்கூடச் சாவி இல்லை. அந்தப் பலகையைப் பார்த்த பிறகு வாதாட ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில், பெண்ணின் சித்தப்பாவுக்கு மண்டபத்தில் கொடுத்திருந்த அறையில் வரிசையில் நின்று குளித்தோம். ஈரத் தலையோடு மனைவி அட்சதை போட்டதும், அன்று முழுக்க என்னோடு பேசாததும் தனிக் கதை.

அந்தப் பையன்மீது எனக்கு அப்போது கோபம் இருந்தது. இப்போது இல்லை. தப்பு கணக்கில் இருந்தது, கணக்கைப் போட்டவன் நான். விடிகாலை நாலரைக்குக் கேட்கிற அறை சனிக்கிழமை அறை அல்ல, வெள்ளிக்கிழமை இரவின் அறை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று நடக்கிற விடுதியில் வெள்ளி மத்தியானத்திலிருந்து சனி மத்தியானம் வரை அந்தக் கட்டில் வெள்ளிக்கிழமைக் கணக்கு. அதில் வேறு யாரோ பணம் கட்டிப் படுத்திருக்கிறார். அவரை நாலரைக்கு எழுப்பிவிட்டு எனக்கு யார் தருவார்? அந்த இரவு ஏதாவது ஓர் அறை விற்காமல் கிடந்திருந்தால் மட்டுமே சீக்கிரம் தர வழி உண்டு. ஆக, நாம் கேட்கவேண்டிய கேள்வி “சீக்கிரம் தருவீங்களா?” என்பதல்ல, “முந்தின ராத்திரி உங்களிடம் காலி இருக்குமா?” என்பது. இரண்டுக்கும் வருகிற பதில் வேறு.

போன மாசியில் மறுபடியும் திண்டுக்கல் போகவேண்டி வந்தது. இந்தத் தடவை அத்தை கூட வந்தாள். அப்பாவுடன் பிறந்தவள், வயது 78, இரண்டு முழங்காலும் சொன்ன பேச்சு கேட்காது. சனிக்கிழமை வேடசந்தூர்ப் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல், ஞாயிறு காலை சின்னாளபட்டியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து, ஞாயிறு இரவு ரயில். நான், மனைவி, அத்தை, அத்தை மகள். அத்தை மகள் என்னைவிட மூத்தவள், எனக்கு மதினி. நாலு பேர், இரண்டு அறை.

இந்தத் தடவை செயலியில் ஊரையும் விலையையும் பார்த்ததோடு சரி. விடுதியின் வரவேற்பு மேசை எண்ணுக்கே போன் போட்டேன். செயலிக்காரர்களின் உதவி எண்ணில் பேசினால் எங்கோ உட்கார்ந்திருக்கிறவர் “கோரிக்கையைத் தெரிவித்துவிட்டோம்” என்பார். சாவிப் பலகை அவர் கண்ணெதிரே இல்லை. மேசையில் இருப்பவருக்குத்தான் இன்றைக்கு எத்தனை சாவி தொங்குகிறது என்று தெரியும்.

போனை எடுத்தவர் கொஞ்சம் வயசானவர். முதலில் ஒன்றைக் கேட்டேன்: “அண்ணே, உங்க விடுதி இருபத்திநாலு மணி நேரக் கணக்கா, பன்னெண்டு மணிக் கணக்கா?”

“நமக்குப் பன்னெண்டுக்குப் பன்னெண்டுங்க. பக்கத்துல லாட்ஜுக எல்லாம் இருபத்திநாலு மணி நேரம்.”

தமிழ்நாட்டில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அறை போடக்கூடாது. பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஒட்டிய பழைய லாட்ஜுகளில் பல இன்னும் இருபத்திநாலு மணி நேரக் கணக்குத்தான். நீங்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடும். விடிகாலை நாலரைக்கு வந்தால் நாலரைக்கே அறை, கெஞ்ச வேண்டாம், கூடுதல் காசும் இல்லை. இரவு வண்டியில் வருகிறவனுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது என்பது என் கட்சி.

ஆனால் அதற்குள்ளும் ஒரு பள்ளம் உண்டு. சனி நாலரைக்குப் பதிந்தால் உங்கள் ஒரு நாள் ஞாயிறு விடிகாலை நாலரைக்கு முடிகிறது. ஒரு நாள் வாடகை என்று நினைத்து ஞாயிறு காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாக இறங்கினால் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். கேட்டால் கோபம் வரும், ஆனால் அவர்கள் கணக்கு சரி. எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அரை மணி, ஒரு மணி என்று சொல்வார்கள். இன்னொன்று, அதே லாட்ஜைச் செயலி வழியாகப் போட்டால் சீட்டில் பன்னிரண்டு மணி என்று அச்சாகியிருக்கலாம். அப்படி இருந்தால் மேசையில் சீட்டுத்தான் பேசும், வாசல் பலகை பேசாது.

எங்கள் பயணத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சனி விடிகாலை நாலரையிலிருந்து ஞாயிறு இரவு ஒன்பது வரை நாற்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இருபத்திநாலு மணி நேர லாட்ஜில் ஓர் அறைக்கு இரண்டு நாள் வாடகை, அதோடு முடிந்தது. பன்னிரண்டு மணிக் கணக்கில் அதே நேரம் மூன்று நாட்களின்மேல் படுத்துக் கிடக்கிறது: வெள்ளியின் வால், சனி முழுசு, ஞாயிற்றின் தலை. அப்படியே விட்டால் மூன்று வாடகை. எல்லாருக்கும் இப்படி இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து மறுநாள் சாயங்காலம் ஆறுக்குப் போகிறவருக்கு லாட்ஜில் இரண்டு நாள் விழும். பன்னிரண்டு மணி விடுதியில் ஒரு நாளும் கொஞ்சம் கூடுதலும் கொடுத்துத் தப்பிக்கலாம். எது மலிவு என்பதை விடுதி தீர்மானிப்பதில்லை, நம் வண்டி தீர்மானிக்கிறது.

லாட்ஜுக்கே போயிருக்கலாம். விசாரித்த இரண்டிலும் கீழ்த்தளத்தில் அறை இல்லை, லிஃப்டும் இல்லை. அத்தையின் முழங்காலுக்காகப் பன்னிரண்டு மணி விடுதிக்கே திரும்பினேன்.

“அண்ணே, நாங்க சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு வர்றோம். கூட எழுபத்தெட்டு வயசு அத்தை. ரெண்டு ரூம் வேணும். வெள்ளி ராத்திரிக்கு உங்களுக்குக் காலி இருக்குமா?”

அவர் பதிவேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “வெள்ளி முகூர்த்தம் இல்ல. ஆனா சனிக்கிழம சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் இருக்கு, அவுக வெள்ளி ராவுலயே கொஞ்சப் பேரு வருவாக. காலி இருக்கும்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்க. முந்தின நாள் சாயங்காலம் போட்டீங்கன்னா தெரியும்.”

நேர்மையான பதில். பத்து நாளுக்கு முன்னால் “வாங்க பாத்துக்கலாம்” என்று சொல்கிற விடுதியைவிட இப்படிச் சொல்கிற விடுதியை நம்பலாம். ஆனால் அத்தையை வைத்துக்கொண்டு ‘தெரியும்’ என்பதை நம்பி வண்டி ஏற முடியாது. அதனால் பாதிப் பாதியாகப் போனேன். ஓர் அறையை வெள்ளி இரவிலிருந்தே பணம் கட்டிப் போட்டேன். அது நாலரைக்கு நிச்சயம். இரண்டாவது அறையைச் சனிக்கிழமை முதல் போட்டேன். அது காலியானால் சீக்கிரம், இல்லாவிட்டால் பன்னிரண்டுக்கு. அத்தை படுக்க ஒரு கட்டிலும் நாலு பேர் குளிக்க ஒரு குளியலறையும் இருந்தால் காலைப்பொழுது ஓடிவிடும்.

வெள்ளி இரவிலிருந்து போட்டுவிட்டோமே என்று சும்மா இருந்தாலும் ஆபத்து. வெள்ளி இரவு பத்து மணி, பதினொரு மணி ஆகியும் ஆள் வரவில்லை என்றால் விடுதிக்காரர் என்ன நினைப்பார்? வரவில்லை என்றுதான். பணம் கட்டாத பதிவு என்றால் சாயங்காலமே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பணம் கட்டியிருந்தாலும் கூட்டமான இரவில் கை அரிக்கும். ஆகவே பதிந்த தேதி ஒன்று, வந்து சேரும் தேதி வேறு என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது இது:

“வணக்கம். என் பெயரில் இரண்டு அறை. முதல் அறை வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை, முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் நாங்கள் வந்து சேர்வது சனிக்கிழமை விடிகாலை 4.30 மணி. வெள்ளி இரவு வரவில்லை என்று அறையை விட்டுவிட வேண்டாம். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ், எண் 12637. இரண்டாவது அறை சனிக்கிழமை முதல். பன்னிரண்டுக்கு முன்னால் காலியானால் தர முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? நாலு பேர், ஒருவருக்கு 78 வயது, படி ஏற முடியாது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் ரயில். அன்று ஒரே ஓர் அறை மட்டும் இரவு ஒன்பது வரை வேண்டும், எவ்வளவு?”

‘வெள்ளி இரவு’, ‘சனி விடிகாலை’ இரண்டையும் கிழமையோடு எழுதியது வேண்டுமென்றேதான். நள்ளிரவு தாண்டுகிற பயணத்தில் வெறும் தேதி எழுதினால் பாதிப் பேர் ஒரு நாள் தள்ளிப் படிக்கிறார்கள். வண்டி எண் கொடுத்தால் அவர்களே வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. அதை வைத்து அவர்கள் செய்ய ஒன்றுமில்லை. அத்தையின் வயதை எழுதியது இரக்கத்துக்காக அல்ல, கீழ்த்தள அறைக்காக. நாலு மணிக்குச் சில விடுதிகளில் லிஃப்டை நிறுத்தியிருப்பார்கள்.

வெள்ளி சாயங்காலம் ஏழு மணிக்கு, தாம்பரம் கிளம்புவதற்கு முன்னால், மறுபடியும் போன். இது முக்கியமான போன். அந்த நேரத்துக்குள் இன்றிரவு யார் யார் வந்தாயிற்று, எது விற்காமல் நிற்கும் என்று மேசைக்குத் தெரிந்துவிடும். பகல் ஆள் போய் இரவு ஆள் வருகிற நேரமும் ஏறக்குறைய அதுதான். “அண்ணே, ராத்திரி டியூட்டி யாரு? அவருக்கிட்ட சொல்லிருங்க, நோட்டுலயும் எழுதிருங்க” என்றேன். பகலில் ஒப்புக்கொண்டவர் இரவில் வீட்டில் தூங்குவார். நம்மை வரவேற்கிறவருக்கு அந்தப் பேச்சு தெரியாது என்றால் எல்லாமே முதலிலிருந்து.

வண்டி அரை மணி தாமதம். திருச்சி தாண்டியதும் ஒரு வரி அனுப்பினேன்.

திண்டுக்கல் சந்திப்பில் இறங்கியபோது மாசிப் பனி. நிலையத்துக்கு வெளியே பாய்லர் அருகே ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் பூக்கூடைகள் ஏற்றிய ஒரு வண்டி மல்லிகை வாசத்தோடு கடந்து போனது. நிலக்கோட்டைப் பக்கத்துப் பூவாக இருக்கும். அத்தை “எப்பா, ஊரு வந்துருச்சு” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

விடுதியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஆட்டோ நின்ற சத்தத்துக்கே உள்ளிருந்து ஒருவர் எழுந்து வந்தார். வாசலை ஒட்டிப் பெஞ்சைப் போட்டுப் படுத்திருந்தார். போனில் பேசியவர் அல்ல, இரவு ஆள். “தாம்பரம் பார்ட்டிதானே? ஆத்தாவக் கூட்டிட்டு வாங்க, கீழ ரூமு” என்றார். அவர் மேசையில் பழைய டைரி ஒன்று விரிந்து கிடந்தது. அதில் நீல மையில்: ‘102. பாண்டியன். காலை 4½. வயசான அம்மா. விடக்கூடாது.’ கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

பதிவேடு வந்தது. பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், வந்த தேதி, வந்த நேரம், போகும் தேதி. ஆதார் நகல் கேட்டார்; முதல் எட்டு எண்களை மறைத்த நகலைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வந்த நேரம் என்ற கட்டத்தில் 5.05 என்று எழுதினேன். பக்கத்தில் கணினித் திரையில் தேதி இன்னும் முந்தின நாளாகவே நின்றது. கேட்டேன்.

“ராத்திரிக் கணக்கு முடிச்சாத்தான் தேதி மாறும்ணே. இன்னும் முடிக்கல. எங்க கம்ப்யூட்டருக்கு இப்பவும் வெள்ளிக்கிழமதான்.”

முதல் தடவை எனக்குப் புரியாமல் போன முழு விஷயத்தையும் அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். வெளியே சனிக்கிழமைப் பால் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேசைக்குள் வெள்ளிக்கிழமை முடியவில்லை.

அத்தை படுத்ததும் தூங்கிப்போனாள். மதினி அவள் பக்கத்திலேயே சாய்ந்துகொண்டாள். நானும் மனைவியும் குளித்துவிட்டு, பைகளை அறையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தோம். இரண்டாவது அறை எப்போது வருமென்று கேட்டதற்கு, “மேல ஒருத்தர் எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறாரு. ரூம் பாய் வந்து பெட்ஷீட் மாத்தி, பாத்ரூம் கழுவி எடுக்க ஒரு மணி நேரம் விடுங்க” என்றார். ஆள் போனால் அறை காலி, ஆனால் அறை தயார் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள், ஒரு வாளி, ஒரு துடைப்பம். ஒரே நேரத்தில் பத்து அறை காலியாகிற நாளில் அந்த ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாக நீளும். பலகையில் சாவி தொங்குவதைக் காட்டி “அதோ இருக்கே” என்று சண்டை போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. தொங்குகிற சாவி அழுக்கு அறையின் சாவியாகவும் இருக்கும்.

வெளிச்சம் வந்தபோது மலைக்கோட்டையின் அடிவாரத்துக்கு நடந்தோம். மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில், 1605-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-இல் ஹைதர் அலி மைசூரிலிருந்து இந்தக் கோட்டைக்குப் பொறுப்பாளராக வந்தார். அவருக்கு யாரும் பன்னிரண்டு மணிக்கு வா என்று சொல்லியிருக்கமாட்டார்கள். கீழிருந்து பார்த்தால் பாறை வழுவழுவென்று ஒரே சரிவு, உச்சியில் மதில் வரி. திண்டு என்று பெயர் வைத்தவர் தூக்கம் நிறைந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். உள்ளே போக இன்னும் நேரம் ஆகவில்லை. தொல்லியல் துறையின் கதவு சாத்தியிருந்தது. இட்லிக் கடை திறந்திருந்தது, அது போதும்.

திரும்புகிற வழியில் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டு வாங்கினேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு. கையில் எடுத்தால் மாங்காய் மாதிரி கனம். ரயில்வே க்ளோக் ரூமில் பூட்டாத பையை வாங்கமாட்டார்கள் என்பதை வேறோர் ஊரில் சிரமப்பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். அறை கிடைக்காத நாளில் பையைப் போட்டுவிட்டு ஊர் சுற்ற அது ஒரு வழி. உறுதியான டிக்கெட் இருந்தால் பெரிய சந்திப்புகளில் ரயில்வே ஓய்வறைகளை ஐ.ஆர்.சி.டி.சி. வழியாகப் போடலாம் என்பது இன்னொரு வழி. ஆனால் கடைசி நேரத்தில் அதில் இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஒன்பதே காலுக்கு இரண்டாவது அறை கைக்கு வந்தது. கட்டணம் எதுவும் கேட்கவில்லை. முந்தின இரவில் அறையைப் பிடிப்பதற்கும், காலையில் தானாகக் காலியானதைக் கொஞ்சம் முன்னால் கொடுப்பதற்கும் விடுதிக்காரர் மனசில் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது அவர்கள் விற்கவேண்டிய சரக்கு, இரண்டாவது உபசாரம். சில இடங்களில் காலை ஆறுக்குள் வந்தால் முழு வாடகை, ஆறுக்குப் பின் அரை வாடகை, ஒன்பதுக்குப் பின் இலவசம் என்று ஒரு படிக்கட்டு வைத்திருப்பார்கள். விடுதிக்கு விடுதி மாறும். எழுதி ஒட்டியிருந்தால் படிக்கலாம், இல்லையென்றால் கேட்கலாம். இதற்கென்று பொது விதி ஒன்றும் கிடையாது, பேச்சுத்தான் விதி.

வேடசந்தூர் சாலையில் பகல் முழுக்க வெயில். காய்ந்த கொடகனாறு, முருங்கைத் தோட்டங்கள், நூற்பாலைகளின் நீளச் சுவர்கள், புளியமர நிழலில் வெள்ளாடுகள். வடக்கே போகப் போகச் சிறுமலை பின்னால் நீலமாகத் தேய்ந்தது. குலதெய்வம் ஒரு வேலமரத்தடியில் இருந்தது. பொங்கல் பொங்கியதும் அத்தை குலவை போட்டாள். முழங்கால் வலியெல்லாம் அந்த நேரத்துக்கு எங்கேயோ போயிருந்தது. விடிகாலையில் மூன்று மணி நேரம் படுத்து எழுந்த உடம்பு அது. வரவேற்பறைச் சோபாவில் உட்கார வைத்திருந்தால் வந்திருக்கமாட்டாள்.

இனி வெளியேறும் கதை. அறையை நேரம் கடந்து வைத்துக்கொள்வது சீக்கிரம் வாங்குவதன் மறுபக்கம். அங்கே முந்தின இரவின் ஆள் குறுக்கே நிற்பார், இங்கே அடுத்த இரவின் ஆள். பலர் செய்கிற பிழை, காலை பதினொன்றே முக்காலுக்கு மேசைக்கு வந்து “சாயங்காலம் வரைக்கும் இருந்துக்கிறோம்” என்பது. அதற்குள் அந்த அறை வேறு பெயருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், சுத்தம் செய்கிற ஆளுக்கும் பட்டியல் போயிருக்கும். அவர் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் இரவு ஒன்பதுக்கு நாம் காலி செய்கிற அறையை அன்று யாருக்கும் கொடுக்க முடியாது. விடுதிக்கு ஓர் இரவு வருமானம் போகிறது. அரை வாடகை கேட்பதற்குக் காரணம் அதுதான், பேராசை அல்ல.

நான் செய்தியில் முன்கூட்டியே கேட்டிருந்ததைச் சனி சாயங்காலம் மறுபடி உறுதி செய்தேன். பகல் மேசையில் இப்போது அந்த வயசானவரே இருந்தார்.

“அண்ணே, நாளைக்கு ரெண்டு ரூமும் வேணாம். மேல் ரூமைப் பன்னெண்டுக்குக் காலி பண்ணிர்றோம். கீழ் ரூம் மட்டும் ஒம்பது வரைக்கும்.”

“ஞாயித்துக்கிழம ரிசப்ஷன் கூட்டம் பூரா கெளம்பிரும்ங்க. வச்சுக்கங்க. அரை வாடக போட்டுக்குறேன். பில்லுலயே போட்டுருவேன், தனியா யாருக்கும் குடுக்காதீக.”

இரண்டையும் கேட்டிருந்தால் யோசித்திருப்பார். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றைக் கேட்டதும் பேச்சு சுலபமாயிற்று. குடும்பமாகப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. வெளியே போகும்போது பைகளை எல்லாம் ஓர் அறையில் குவித்துப் பூட்டிவிடலாம். திரும்பி வந்து முறைவைத்துக் குளிக்கலாம். வயசானவர்கள் படுக்கலாம்.

‘பில்லிலேயே’ என்று அவர் சொன்னது எனக்கு நிம்மதி. நேரம் நீட்டிப்பதற்கான பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, இரவு ஆள் மாறியதும் “யார்ட்ட குடுத்தீங்க?” என்று கேட்ட அனுபவமும் எனக்கு வேறோர் ஊரில் உண்டு.

காதுகுத்து முடிந்து சின்னாளபட்டியிலிருந்து மூன்று மணிக்குத் திரும்பினோம். சீரகச் சம்பா பிரியாணியின் பாரம் எல்லாருக்கும். அத்தை நேரே 102-க்குப் போய்க் கட்டிலில் சாய்ந்து ஏழு மணி வரை எழவில்லை. நாங்கள் மூவரும் தரையில் பாயை விரித்தோம்.

எட்டே முக்காலுக்கு மேசையில் இருந்தவர் கணக்கு முடித்தார். ஒரு நாள் வாடகை 1,800 ரூபாய். கீழ் அறைக்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் ஞாயிறு அரை நாளும் சேர்த்து 4,500. மேல் அறைக்குச் சனி ஒரு நாள் 1,800. ஆக 6,300. அதன்மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 315 ரூபாய். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு முன்னே 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22-லிருந்து 5 ஆகியிருக்கிறது. நேரம் நீட்டித்ததற்கான தொகைக்கும் வரி உண்டு என்பதால், “அரை வாடகை” என்று யாராவது சொன்னால் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது. மொத்தம் 6,615. இரண்டு அறையையும் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாளும் முழுசாக எடுத்திருந்தால் 11,340 ஆகியிருக்கும்.

பதிவேட்டில் புறப்பட்ட நேரம் எழுதச் சொன்னார். 8.50 என்று எழுதினேன். சாவியை வாங்கி 102-ஆம் ஆணியில் மாட்டினார். பலகையில் அன்று பாதிக்கு மேல் சாவிகள் தொங்கின.

மதுரையிலிருந்து வந்த வண்டி இருபது நிமிஷம் தாமதம். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை, சென்னையில் எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று கேட்டாள். விடிகாலை ஐந்து, ஐந்தரை என்றேன். “அங்கிட்டு ரூமு?” என்றாள். சொந்த வீடுதான், சாவி என் பையில் இருக்கிறது என்று சொன்னேன்.